வலி வருகிறது, விலக்கு வரவில்லை

நம் வீடுகளில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதற்கு ஒரே அடையாளம் ரத்தம்தான். உள்ளாடையில் அதைப் பார்த்த பிறகுதான் தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புவார்கள், சடங்குக்கு நாள் பார்ப்பார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு அடிவயிறு வலித்தால், அது மாதவிலக்கு வலியாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. இன்னும் வயதுக்கே வராத பிள்ளைக்கு விலக்கு வலி எப்படி வரும் என்று கேட்பார்கள்.

வரும். சில பெண்களுக்குக் கர்ப்பப்பை மாதாமாதம் சரியாகவே ரத்தத்தை வெளியேற்றுகிறது. அந்த ரத்தம் உடம்பைவிட்டு வெளியே வர வழி மட்டும் இல்லை. யோனிக்குள் தேங்குகிறது, அடுத்த மாதம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் காணாததால் வீட்டில் இருப்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணோ மாதம் இரண்டு மூன்று நாள் சுருண்டு படுக்கிறாள்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது திறப்பில்லாத கன்னிச்சவ்வு. யோனியின் வாசலில் இருக்கும் மெல்லிய சவ்வு அது. தாயின் வயிற்றில் குழந்தை வளரும்போது அந்தச் சவ்வில் வழக்கமாகப் பிறப்பதற்கு முன்பே ஒரு திறப்பு ஏற்பட்டுவிடும். அது ஏற்படாமல் போனால் வாசல் முழுக்க மூடியபடியே பெண் பிறக்கிறாள். ஏறக்குறைய 1,000 முதல் 2,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் என்பது பாடநூல்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரிதுதான். ஆனாலும் பெரிய பெண்கள் பள்ளி ஒன்றில் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும் என்னும் அளவுக்கு நெருக்கமான அரிது.

ஒரு பெண்ணின் கதையாகப் பார்த்தால் இது எப்படி வளர்கிறது என்பது புரியும். இவள் ஒரு தனி மனுஷி அல்ல. இந்த நோயில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே பெண்ணின்மேல் வைத்துச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அக்குளில் முடி வந்துவிட்டது, உயரமும் நன்றாகக் கூடியிருக்கிறது. ஜூன் மாதம் ஒருநாள் அடிவயிற்றில் பிசைவது போன்ற வலி. இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. சூடு பிடித்திருக்கும் என்று அம்மா வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுத்தார். ஜூலையில் மறுபடியும் வலி. பூச்சி மாத்திரை போட்டார்கள். ஆகஸ்டில் வலி முதுகுக்கும் இறங்கியது. மலம் இறுகிப்போனது, அதற்கு ஒரு மருந்து. செப்டம்பரில் அடிக்கடி சிறுநீர் வருவது போலவும் முழுதாகப் போகாதது போலவும் இருந்தது. சிறுநீரில் கிருமி என்று ஐந்து நாள் மாத்திரை. ஒவ்வொரு முறையும் மருந்து கேட்டது போலத்தான் தெரிந்தது. காரணம் எளிது: மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்றாம் நாள் அந்த வலி அடங்கிவிடும்.

இடையில் ஒரு பாட்டி, இவள் வயதுக்கு வரத் தாமதமாவதால்தான் வலி என்று எள்ளும் கருப்பட்டியும் கொடுக்கச் சொன்னார். பாட்டி பிரச்சினைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆனால் ரத்தம் வராமல் இல்லை, வந்து உள்ளேயே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இந்த இடத்தில் எள்ளைவிட எனக்குக் கவலை தருவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘விலக்கு வர வைக்கும்’ ஹார்மோன் மாத்திரை. அந்த மாத்திரையை நிறுத்திய சில நாளில் கர்ப்பப்பை தன் உட்படலத்தை உதிர்க்கும். அதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். வழி அடைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ரத்தமும் உள்ளேதான் சேரும். வலி கூடும், வெளியே எதுவும் வராது. ‘மாத்திரை கொடுத்தும் வரவில்லை’ என்ற தவறான முடிவோடு மேலும் சில மாதங்கள் ஓடிவிடும்.

நவம்பரில் ஒரு ராத்திரி அவளுக்குச் சிறுநீர் சுத்தமாக நின்றுபோனது. அடிவயிறு கல்லாகிவிட்டது. அவசரப் பிரிவில் குழாய் போட்டு முக்கால் லிட்டர் சிறுநீரை எடுத்தார்கள். வலி தணிந்தது. ஆனால் பணியில் இருந்த மருத்துவர் மறுபடியும் வயிற்றில் கை வைத்துப் பார்த்தபோது, சிறுநீர்ப்பை காலியான பிறகும் தொப்புளுக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவர் அம்மாவிடம் திரும்பினார்.

“பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டாளாம்மா?”

“இன்னும் இல்ல டாக்டர். அவ வயசுப் பிள்ளைங்க எல்லாம் ஆயிட்டாங்க.”

“இந்த வலி எந்தத் தேதியில வருதுன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?”

குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நினைவிருந்தது. பள்ளிக்கு விடுப்பு எடுத்த நாள்களைச் சொன்னாள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறது.

நோய் அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிட்டது. குடல்வால் வலி மாதாமாதம் தேதி வைத்து வராது. சிறுநீர்க் கிருமி மூன்று நாளில் தானாகப் போய் நான்கு வாரம் கழித்து அதே நாளில் திரும்பாது. மார்பு நன்றாக வளர்ந்த பெண், வலிக்கு ஒரு மாதத் தாளம், ஆனால் விலக்கு இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அடைப்பைத்தான் யோசிக்க வேண்டும். தாளம் எல்லாருக்கும் இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதும் உண்மை. பூப்பெய்திய புதிதில் சுழற்சியே முன்பின்னாக இருக்கும். உள்ளே ரத்தம் நிறைய நிறைய, விட்டு விட்டு வந்த வலி தினசரி வலியாகவும் மாறிவிடலாம். அதனால் சந்தேகம் வந்த நாளிலிருந்தே சுவரில் மாட்டிய காலண்டரில் வலி வரும் நாளையும் போகும் நாளையும் சுழித்து வைப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

சிறுநீர் ஏன் நின்றது? யோனி நன்றாக விரிந்துகொடுக்கும் உறுப்பு. அதில் அரை லிட்டர், சில பெண்களுக்கு ஒரு லிட்டர் ரத்தம்கூடத் தேங்கும். அது பின்னால் மலக்குடலை அழுத்துகிறது, மலச்சிக்கல் வருகிறது. முன்னால் சிறுநீர்ப்பையை மேலே தள்ளுகிறது. அப்போது சிறுநீர்த் தாரை இழுபட்டு வளைந்து, தோட்டத்துக் குழாயை மடக்கிப் பிடித்தது போல அடைத்துக்கொள்கிறது. வெளியே தெரிகிற புகார்கள் எல்லாம் அக்கம்பக்கத்து உறுப்புகளுடையவை. அதனால்தான் ஒவ்வொரு மருத்துவரும் அந்தந்த உறுப்புக்கு வைத்தியம் பார்க்கிறார்.

அது விரிந்துகொடுப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. முதல் சில மாதங்களில் வலியே இருக்காது. மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் போகும். அந்தப் பெண்ணிடமிருந்து பின்னர் வெளியேறியது அரை லிட்டர். அது ஆறு மாதக் கணக்கில் அடங்காது. வலி தொடங்கிய ஜூனுக்குப் பல மாதங்கள் முன்பே அவளுக்கு விலக்கு ஆரம்பித்திருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாள், யாருக்கும் தெரியாமல் எப்போதோ நடந்துவிட்டது.

அடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் பரிசோதனையை நினைத்துத்தான் பெற்றோர் மிகவும் பயப்படுகிறார்கள். அந்தப் பயமே பல மாதத் தாமதத்துக்குக் காரணமாகிறது. அதனால் என்ன செய்வார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே விரலோ கருவியோ எதுவும் விட வேண்டியதில்லை. பெண் மருத்துவர், அம்மா பக்கத்தில் நிற்க, அந்தப் பெண்ணிடம் சொல்லி அவள் சம்மதத்தோடு, பிறப்புறுப்பின் வெளி இதழ்களைக் கையுறைக் கையால் விலக்கி வெறுமனே பார்க்கிறார். ஒருமுறை இருமச் சொல்கிறார். திறப்பில்லாத சவ்வாக இருந்தால் வாசலில் நீலம் பாய்ந்த ஒரு புடைப்பு தெரியும், இருமும்போது இன்னும் முன்னால் தள்ளும். நீலம் என்பது மெல்லிய சவ்வின் பின்னால் நிற்கும் கறுத்த ரத்தத்தின் நிறம். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாததால் எத்தனையோ பெண்கள் கைநிறையச் சீட்டுகளோடு அலைகிறார்கள்.

அடுத்தது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன். யோனிவழி ஸ்கேன் இந்தப் பெண்களுக்குத் தேவையில்லை, செய்யவும் கூடாது. யோனி எவ்வளவு விரிந்திருக்கிறது, ரத்தம் கர்ப்பப்பைக்குள்ளும் கருக்குழாய்க்குள்ளும் ஏறியிருக்கிறதா, இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றனவா என்பதை அது காட்டும். சிறுநீரகத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

இதோடு ஒரு கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். விலக்கு இல்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் எந்தப் பெண்ணுக்கும் அது செய்யப்படும். அதைக் கேட்டுப் பெற்றோர் கோபப்பட வேண்டாம், மகளைச் சந்தேகப்படவும் வேண்டாம். வயிறு மேடாகத் தெரிந்ததால் ஊர்வாய்க்கு இரையாகும் பெண்களும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் அந்தப் பேச்சைச் சில நிமிடங்களில் முடித்துவைக்கும்.

நம் பெண்ணுக்கு நீலப் புடைப்பு தெரிந்தது. மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து, சவ்வைப் பெருக்கல் குறி போல வெட்டித் திறந்தார்கள். கறுஞ்சிவப்பாக, கெட்டியாக, உருகிய சாக்லேட் நிறத்தில் ரத்தம் தானாக வழிந்தது. வயிற்றை அழுத்தி வேகமாக வெளியேற்றக் கூடாது. அழுத்தினால் கருக்குழாய் வழியாக மேலே வயிற்றுக்குள் தள்ளப்படலாம். வழிந்து முடிந்ததும் அதிகப்படியான சவ்வை நறுக்கி, வெட்டிய ஓரங்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி கரையும் நூலால் தைத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழுப்பு நிறக் கசிவு சில நாள் இருக்கும், அதற்குத் துணியோ நாப்கினோ வைத்தால் போதும். காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் மட்டும் உடனே திரும்ப வர வேண்டும்.

இதில் ஒரு குறுக்குவழி உண்டு, அதுதான் ஆபத்து. புடைப்பில் ஊசியைக் குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது. கெட்டியான ரத்தம் ஊசி வழியாக முழுதாக வராது. ஊசித் துளை மூடிக்கொள்ளும். அதற்குள் கிருமி உள்ளே போய்விட்டால், தேங்கி நிற்கும் பழைய ரத்தம் அதற்கு நல்ல தீனி. சீழ் பிடித்தால் கருக்குழாயும் கெடக்கூடும். திறந்தால் முழுமையாகத் திறக்க வேண்டும். அதற்கான வசதி இல்லாத இடத்தில் சிறுநீர்க் குழாயை மட்டும் போட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.

அறுவைக்கு முன் கையெழுத்துப் போடும்போது அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்: “இத வெட்டிட்டா, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா யாரும் ஏதும் சொல்லிட மாட்டாங்களே டாக்டர்?” இந்தக் கேள்வியை வெட்கமில்லாமல் கேட்பது நல்லது, மருத்துவரும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சவ்வில் திறப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் யாருக்கும் விலக்கு ரத்தம் வெளியே வராது. மற்றவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்ததை அறுவை இவளுக்கு உண்டாக்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்தச் சவ்வைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று சொல்லவே முடியாது. அப்படிச் சோதிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அப்படியும் வீட்டார் மனம் ஆறாவிட்டால், என்ன நோய்க்கு என்ன அறுவை செய்யப்பட்டது என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைப்பேறு பற்றியும் கேட்பார்கள். அடைப்பு சவ்வில் மட்டும் இருந்து, காலத்தோடு திறந்துவிட்டால், கர்ப்பம் தரிப்பதில் பொதுவாகத் தடை இருப்பதில்லை.

காலத்தோடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே போக வழியில்லாத ரத்தம் கருக்குழாய் வழியாக மேலேறி வயிற்றுக்குள் சிந்துகிறது. கர்ப்பப்பையின் உட்படலத் துணுக்குகள் அங்கே ஒட்டி வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். அடைப்பைத் திறந்த பிறகு பலருக்கு இது அடங்கிவிடுகிறது. நீண்ட நாள் தேங்கியிருந்தவர்களுக்குத் தழும்புகளும் ஒட்டல்களும் மிஞ்சக்கூடும்.

இனி, எல்லா அடைப்பும் இப்படி வாசலிலேயே இருப்பதில்லை. சிலருக்கு வெளியே பார்த்தால் எல்லாம் இயல்பாகத் தெரியும். நீலப் புடைப்பு இருக்காது. யோனியின் நடுவிலோ மேலேயோ குறுக்காக ஒரு தடுப்பு இருக்கும். அது சவ்வு போல மெல்லியதாகவும் இருக்கலாம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்ததாகவும் இருக்கலாம். இன்னும் அரிதாக, கர்ப்பப்பை வாயே உருவாகாமல் போயிருக்கலாம். இந்தப் பெண்களுக்கு அவசர அவசரமாகக் கத்தி வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்து, தடுப்பு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தடிமனில் இருக்கிறது, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் எந்த முடிவும்.

தடித்த தடுப்பை வெட்டினால் மேலே ஒரு பச்சைப் புண்ணும் கீழே ஒரு பச்சைப் புண்ணும் மிஞ்சும். அவற்றை இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். சரியாகச் சேராவிட்டால் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கி மறுபடி அடைக்கும். இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமாக இருக்கும். சுருங்காமல் இருக்கச் சிலருக்கு அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் விரிப்பான் என்னும் சிறு கருவியைத் தாங்களே பயன்படுத்த வேண்டியிருக்கும். 12 வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட நிலையில் விலக்கையே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஹார்மோன் மருந்துகளைக் கொடுத்துக் காலம் வாங்குவார்கள். முன்னே சொன்ன ‘விலக்கு வர வைக்கும்’ மாத்திரையையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதை இடைவிடாமல் எடுத்துக்கொண்டால் புது ரத்தம் சேராது, வலி அடங்கும். இவ்வகை அறுவைகளைப் பழகியவர்கள் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக அந்த அவகாசம் போதும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கருவில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் அடுத்தடுத்து உருவாகின்றன. அதனால் ஒன்றில் குறை என்றால் மற்றதிலும் பார்க்க வேண்டும். சில பெண்களுக்குக் கர்ப்பப்பை இரண்டாகப் பிரிந்திருந்து, யோனியும் இரண்டாகி, அதில் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கும். அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் பெரும்பாலும் இருக்காது. இவர்களுக்கு மற்றப் பக்கம் வழியாக மாதாமாதம் விலக்கு வரும். அதனாலேயே அடைப்பு என்ற நினைப்பே யாருக்கும் வராது. வயதுக்கு வந்த சில மாதங்களிலேயே விலக்கு வலி ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போனால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், அல்லது ஒரு சிறுநீரகம் இல்லை என்று சிறுவயதிலேயே தெரிந்த பெண்ணுக்கு விலக்கு வலி கடுமையாக இருந்தால், ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? வலியே இல்லாமல் விலக்கு மட்டும் தாமதமானால் 15 வயது வரை, அல்லது மார்பு வளரத் தொடங்கி மூன்று வருடம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றால் அப்போதே பார்க்க வேண்டும், அது வேறு வகைப் பிரச்சினை. மாதாமாதம் வலி இருந்தால் இந்த வயதுக் கணக்கு எதுவும் செல்லாது. 12 வயதானாலும் இரண்டாவது முறை அதே வலி வந்ததும் காட்டிவிட வேண்டும். சிறுநீர் நின்றுபோனால், வலியோடு காய்ச்சல் வந்தால், வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு அறுவை முடிந்த ஐந்தாவது வாரம் விலக்கு வந்தது. கொஞ்சம் வலியும் இருந்தது; எல்லாருக்கும் இருக்கும் அளவு வலி. அதே வாரத்தில் எடுத்த ஸ்கேனில் யோனியும் கர்ப்பப்பையும் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தன. வீட்டில் சடங்கு எப்போது வைப்பது என்று பேச்சு எழுந்தது. மருத்துவர் வேறொரு வேலை சொன்னார்: அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு தங்கை இருந்தாள். சில குடும்பங்களில் சகோதரிகளுக்கும் இந்தக் குறை இருப்பதுண்டு. சின்னவளையும் ஒருநாள் அழைத்துவரச் சொன்னார். அவளுக்கும் அப்படி இருந்தால் மார்பு வளரத் தொடங்கியதும், முதல் விலக்குக்கு முன்பே, வலியின் முகத்தைப் பார்க்காமல் திறந்துவிடலாம்.